“அவசரம், உடனே அனுப்பவும்” என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது?

[திரையில்: செம்பனைத் தோட்டத்துச் சாலை, அதிகாலை. பிறகு ஆபிஸ் மேசை, அதன் மேல் நான்கு நோட்டுகள்.]

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபிசில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவள். தோட்டத்தில் நான்கு டிவிஷன், ஆட்களை வேலை வாங்க நான்கு மண்டோர்கள். மாதம் முடிந்ததும் அவர்களுடைய செக்ரோல் நோட்டு என் கைக்கு வந்தாக வேண்டும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை குலை வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது வந்தால்தான் சம்பளக் கணக்குப் போட முடியும்.

இந்த நோட்டுகளைக் கேட்டு நான் அனுப்பிய ஒரு மெசேஜைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அது ஒரே வரி.

[திரையில்: வாட்ஸ்அப் மெசேஜ். “அவசரம்! செக்ரோல் கணக்கை உடனே அனுப்பவும். லேட் ஆகக் கூடாது.”]

ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இதை மண்டோர்கள் குரூப்பில் போட்டேன். அந்த மாதத்தின் கடைசி வேலை நாள் அது. இரண்டு பேர் பத்தே நிமிடத்தில் நோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். நான்காவது நோட்டு புதன்கிழமைதான் வந்தது.

புதன்கிழமை தந்தவர் மேல்தான் எனக்குக் கோபம். ஆனால் தொழிலாளிகளுக்கு நஷ்டம் வந்தது, உடனே அனுப்பினார்களே, அந்த இரண்டு நோட்டுகளால். சனிக்கிழமை வெட்டிய குலைகளை மதியத்துக்குப் பிறகுதான் எண்ணி முடிப்பார்கள். நான் “உடனே” என்றதால், வெள்ளிக்கிழமை வரை உள்ள கணக்கை அப்படியே அனுப்பிவிட்டார்கள். நானும் கவனிக்காமல் கூட்டிவிட்டேன். இரண்டு டிவிஷனிலும் எல்லோருக்கும் ஒரு நாள் கூலி குறைந்துபோனது. சம்பளம் கிடைத்த மறுநாள் காலை ஆபிஸ் வாசலில் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. “உடனே” என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கு அது “இந்த நிமிடம்”. ஒருவருக்கு “வேலை நாள் தொடங்கியதும்”. புதன்கிழமை தந்தவரிடம் பிறகு கேட்டேன். “நீ எல்லாத்துக்கும் அவசரம்னுதான் போடுறேம்மா, எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அந்த மாதம் குரூப்பில் நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்துப் பார்த்தேன். கையுறை வேண்டியவர்கள் பெயர் கேட்டதுகூட “அவசரம்” என்றுதான் இருந்தது.

[திரையில்: ஒரு மாத நாட்காட்டி. 1ஆம் தேதி திங்கள், 7ஆம் தேதி ஞாயிறு.]

சரி, எந்த நேரத்தை எழுதுவது? அதை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாவது நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளம் என்றால் 7ஆம் தேதி. நான் சொல்லும் மாதத்தில் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதனால் வெள்ளிக்கிழமை, 5ஆம் தேதியே, பணம் தொழிலாளிகள் கணக்கில் ஏறிவிட வேண்டும். அதற்கு மேனேஜர் வியாழக்கிழமை மதியம் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு டிவிஷன் கணக்கையும் கூட்டிச் சரிபார்க்க எனக்கு ஒரு முழு நாள் பிடிக்கும், அது புதன்கிழமை. ஆக, நோட்டு என் மேசைக்கு வர வேண்டியது செவ்வாய்க்கிழமை, 2ஆம் தேதி மாலை.

இப்படி எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கே ஒன்று விளங்கியது. சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அந்த நோட்டு எனக்குத் தேவையே இல்லை. எனக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மனதில் இருந்த பதற்றத்தை அப்படியே நான்கு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து குரூப்பில் போடுவதை நிறுத்தினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இப்படி எழுதுகிறேன், மேலே எண்ணிய தேதிகளை வைத்தே காட்டுகிறேன்.

[திரையில்: “அண்ணே, இந்த மாத செக்ரோல் நோட்டு, சனிக்கிழமை குலைக் கணக்கும் சேர்த்து, செவ்வாய் 2ஆம் தேதி மாலை 4 மணிக்குள் ஆபிசில் கிடைக்குமா? புதன் அன்று கணக்கை முடித்தால்தான் வெள்ளிக்கிழமை சம்பளம் ஏறும். செவ்வாய் முடியாது என்றால் திங்கள் பெரட்டில் சொல்லிவிடுங்கள், நானே டிவிஷனுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.”]

நீளம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. இதில் சில இடங்களை மட்டும் நின்று பார்ப்போம்.

முதலில் “சனிக்கிழமை குலைக் கணக்கும் சேர்த்து”. நேரத்தை மட்டும் சொல்லி, எது முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், பாதி வேலை சரியான நேரத்துக்கு வந்து சேரும். எனக்கு அந்தச் சனிக்கிழமை நடந்தது அதுதான்.

அடுத்து “மாலை 4 மணிக்குள்”. வெறுமனே “2ஆம் தேதிக்குள்” என்று எழுதினால் தமிழில் ஒரு குழப்பம் உண்டு. சிலர் 2ஆம் தேதி முடிவதற்குள் என்று எடுத்துக்கொள்வார்கள், சிலர் 2ஆம் தேதி வருவதற்கு முன்பே என்று. “2ஆம் தேதி வரை” என்று எழுதினாலோ, அன்றைக்கு இரவு பத்து மணிக்குத் தந்தாலும் அது தவறில்லை. இங்கே அரசாங்கக் கடிதங்களில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. மலாயில் “செபெலும் அத்தாவ் படா” என்று போட்டுத் தேதியைச் சொல்வார்கள், அதாவது அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ. தமிழில் அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. கிழமை, தேதி, மணி மூன்றையும் சேர்த்து எழுதினால் போதும். கிழமையையும் தேதியையும் சேர்த்துப் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. நாம் தேதியைத் தவறாக எழுதியிருந்தால், இரண்டும் பொருந்தாது. படிப்பவர் கேட்டுவிடுவார்.

ஏன் 4 மணி? மண்டோர்கள் வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகு கடைத்தெருவுக்கு வரும் நேரம் அது. வழியில் நோட்டைக் கொடுத்துவிடலாம். மதியம் 12 என்று கேட்டிருந்தால் குலைகளை விட்டுவிட்டு மோட்டாரில் ஓடிவர வேண்டும். கேட்கிற நேரம் நியாயமாகத் தெரிகிறதா இல்லையா என்பதை நம்முடைய சொற்கள் பாதிதான் முடிவு செய்கின்றன. மீதியை அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பது முடிவு செய்கிறது.

பிறகு காரணம். “வெள்ளிக்கிழமை சம்பளம் ஏறும்.” இதைச் சொல்லிவிட்டால் “லேட் ஆகக் கூடாது” என்று அதட்ட வேண்டியதில்லை. தன் ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப்போவதை எந்த மண்டோரும் விரும்ப மாட்டார்.

“முடியாது என்றால் திங்கள் பெரட்டில் சொல்லிவிடுங்கள்” என்ற வரியை எழுத எனக்கு முதலில் பயமாக இருந்தது. முடியாது என்று சொல்ல நாமே இடம் கொடுக்கலாமா? கொடுத்துப் பார்த்தேன். அந்த வரி இல்லாதபோது, முடியாதவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார், செவ்வாய் மாலைதான் எனக்குத் தெரியவரும். இப்போது திங்கள் காலையிலேயே தெரிந்துவிடுகிறது. வேலை தொடங்கும் முன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டுக்கு எல்லோரும் எப்படியும் வருவார்கள், அதனால் அதைத் தனியாக ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று, “அனுப்பவும்” என்ற சொல்லைப் பற்றி. அறிவிப்புப் பலகையில் “வரிசையில் நிற்கவும்” என்று எழுதுகிறோமே, அந்த நடை அது. எழுதியவர் முகம் அதில் தெரியாது. அறுபது வயதை நெருங்கும் மனிதருக்கு, மகள் வயதில் இருக்கும் நான் அப்படி எழுதினால், பலகையைப் பார்த்துப் பேசியது போலத்தான் இருக்கும். “கிடைக்குமா அண்ணே” என்று கேட்டால் நேரம் தளர்ந்துவிடுமோ என்று சிலர் நினைப்பார்கள். தளராது. உறுதியாக இருக்க வேண்டியது 4 மணி. வினைச்சொல் மென்மையாக இருக்கலாம்.

[திரையில்: “கையெழுத்து” என்ற தலைப்பு.]

மேலே இருப்பவரிடம் கேட்பது வேறு மாதிரி. மேனேஜருக்கு “வியாழன் 12 மணிக்குள் கையெழுத்துப் போடுங்கள்” என்று நான் எழுத முடியாது. அங்கே நேரத்தை அவர் மேல் வைக்காமல், வேலையின் மேல் வைக்கிறேன். “ஐயா, சம்பளத் தாள் புதன் மாலை உங்கள் மேசையில் இருக்கும். வியாழன் மதியம் 12 மணிக்குள் கையெழுத்து கிடைத்தால் அன்றே பேங்குக்கு அனுப்பிவிடலாம். அதற்கு மேல் போனால் திங்கட்கிழமைதான் ஏறும், அது 8ஆம் தேதி.” முடிவு அவருடையது. 8ஆம் தேதி என்பதைப் பார்த்ததும் அவர் பேனாவைத் தேடுவார்.

ஒரு எச்சரிக்கை. தேதியைச் சும்மா முன்னால் தள்ளிச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் பயத்தில் “திங்கட்கிழமையே வேண்டும்” என்று கேட்டேன். எல்லோரும் தந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆபிசுக்கு வந்த ஒருவர், நான்கு நோட்டும் தொடாமல் அதே மூலையில் கிடப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் நோட்டு புதன்கிழமை வந்தது. அதிலிருந்து உண்மையான நேரத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

அப்படியானால் “உடனே” என்ற சொல்லுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்லது. பழம் அடிபட்டதும் உள்ளே இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பிக்கும், அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். ஒரு நாள் மதியம் எங்கள் லாரி பாதி வழியில் நின்றுவிட்டது, முந்தின நாள் மாலை வெட்டிய குலைகளோடு. அன்றைக்கு நான் மெசேஜ் அனுப்பவில்லை. வாடகை லாரிக்காரருக்குப் போன் போட்டேன். “அண்ணே, 5 மணிக்குள் குலை மில்லுக்குப் போகணும், 3 மணிக்கு லாரி இங்கே வந்தால் சரியாக இருக்கும், முடியுமா?” என்று கேட்டேன்.

“மூணு முடியாதும்மா, மூணரை” என்றார். மூன்றரைக்கு வந்து நின்றார்.