அக்ரிமெண்டில் எது முன்னால், எது பின்னால்

வணக்கம் நேயர்களே. பத்திரம் எழுதுவது என் தொழில். முப்பது வருடமாக இதே வேலை. வீடு வாங்குகிறவர்கள் கடைசியில் எழுதும் கிரயப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் கிரய உடன்படிக்கையை, நாம் பேச்சில் அக்ரிமெண்ட் என்கிறோமே, அதை அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்து சண்டை பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் பிறக்கிறது. அதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வரிசை இது. முதலில் யார் யார். அடுத்து இந்தச் சொத்து அவர்களுக்கு எப்படி வந்தது. பிறகு விலை, பணம் கொடுக்கும் விதம், சுவாதீனம், தவறினால் என்ன, கடைசியில் கையெழுத்து. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் வர வேண்டும். இதை நான் நடுவில் இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கூடவே அவர்களுடைய வீட்டை வாங்கப் போகிறவர். மூவருக்கும் முகமே சரியில்லை. மொத்த விலை 42 லட்சம், அட்வான்ஸ் 4 லட்சம் கைமாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. வேறு எங்கோ எழுதிய அக்ரிமெண்டை நீட்டினார்கள். அதில் ஒரே வாக்கியம், முக்கால் பக்கத்துக்கு ஓடுகிறது: 'வங்கிக் கடனை அடைத்து, மாடியில் உள்ள வாடகைதாரரைக் காலி செய்து, பாக்கித் தொகையைப் பெற்றுக்கொண்டு, கிரயம் செய்து சுவாதீனம் கொடுக்க வேண்டியது.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடனை அடைப்பது யார் பணத்தில்? விற்கிறவர்கள், 'பாக்கியில் கொஞ்சம் கொடுங்கள், கடனை அடைக்கிறோம்' என்றார்கள். வாங்குகிறவர், 'கடனை அடைத்துப் பத்திரத்தைக் காட்டுங்கள், பணம் தருகிறேன்' என்றார். இரண்டு பேரும் அந்த வாக்கியத்தையே விரல் வைத்துக் காட்டினார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியும் படிக்கலாம், இப்படியும் படிக்கலாம். கிரயம் எந்தத் தேதிக்குள் என்றும் அதில் இல்லை.

அதைப் புதிதாக எழுதினோம். முதலில் தரப்பினர். வீடு அவர்களுடைய அப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 'வேறு வாரிசு உண்டா?' என்று கேட்டேன். 'அம்மா இருக்கிறார்கள், ஒரு தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள்' என்றார்கள். கல்யாணமாகிப் போனால் பங்கு போய்விடாது. அம்மாவுக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. ஆக எழுதிக்கொடுப்பவர்கள் இரண்டு பேர் இல்லை, நான்கு பேர். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி எழுதி, இனி இவர்கள் 'எழுதிக்கொடுப்பவர்கள்', இன்னார் 'எழுதி வாங்குபவர்' என்று ஒரு முறை வைத்துவிட்டால், பத்திரம் முடியும்வரை அதே சொல்தான். ஓரிடத்தில் 'வீட்டுக்காரர்', இன்னோரிடத்தில் 'விற்பவர்' என்று மாற்றி எழுதினால் பின்னால் குழப்பம்.

அடுத்து முன்விவரம். இதில் நடந்தது மட்டும் வர வேண்டும்: அப்பா எந்தப் பத்திரப்படி வாங்கினார், எப்போது இறந்தார், வாரிசுகள் யார், வீட்டின் மேல் வங்கியில் அடமானம் இருக்கிறது. 'அடைக்க வேண்டும்', 'காலி செய்ய வேண்டும்' என்று இனிமேல் நடக்க வேண்டியது எதுவும் இங்கே வரக்கூடாது. பழைய காகிதத்தில் இதுதான் கோளாறு. நடந்ததும் நடக்க வேண்டியதும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன.

விலைக்கு ஒரு பத்தி போதும். எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். பதிவுச் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். அதுவும் இங்கேதான் வரும்.

பணம் கொடுக்கும் விதத்தில்தான் நிதானம் வேண்டும். ஏற்கெனவே கொடுத்த 4 லட்சத்துக்கு ரசீது வரி. வீட்டு அட்வான்ஸ் 20,000 ரூபாய் ஆகிவிட்டாலே ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அதனால் காசோலையோ வங்கி மாற்றமோ, அதன் விவரத்தோடு. இரண்டாவது தவணை 8 லட்சம், முப்பது நாளுக்குள். இதில்தான் பழைய சண்டை தீர்ந்தது. வங்கி அன்றைய தேதியில் காட்டும் கடன் பாக்கிக்கு, வாங்குகிறவர் நேரே அந்தக் கடன் கணக்கின் பெயரிலேயே டி.டி. எடுப்பார். மிச்சம்தான் விற்கிறவர்கள் கைக்கு. அதற்குப் பிறகு முப்பது நாளுக்குள் விற்கிறவர்கள் மூலப்பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கி, கடன் தீர்ந்த ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் காட்ட வேண்டும். மூன்றாவது தவணை 30 லட்சம், கிரயப் பதிவு அன்று. நான்கும் எட்டும் முப்பதும் நாற்பத்திரண்டு. இந்தக் கூட்டலை வாய்விட்டுப் போட்டுப் பாருங்கள். கூட்டிப் பார்த்தால் இடிக்கும் அக்ரிமெண்ட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரயத்துக்கு ஒரு தேதி எழுதினோம், நூற்றிருபது நாள். கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. தேதி எழுதியிருந்தால் அன்றிலிருந்து எண்ணலாம். எழுதாவிட்டால், மற்றவர் மறுத்தது நமக்கு எப்போது தெரிந்தது என்பதிலிருந்து எண்ண வேண்டும். அதை நிரூபிப்பது எவ்வளவு பாடு!

சரி, சுவாதீனம். மாடி வாடகைதாரர் கிரயத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் காலி செய்ய வேண்டும், கிரயத்தன்று சாவி. இவ்வளவுதான். இதைப் பணப் பத்தியில் கலக்காதீர்கள். ஒரு விஷயம், ஒரே இடம். சிலர் அக்ரிமெண்ட் அன்றே சாவி வாங்கிக் குடிபோகிறார்கள். அப்படியானால் பதிவுக் கட்டணக் கணக்கே வேறு, முன்கூட்டியே விசாரியுங்கள்.

தவறினால் என்ன என்பது ஏன் இவ்வளவு பின்னால் வருகிறது? எந்தத் தேதி, எந்தத் தொகை என்று முன்னால் எழுதியிருந்தால்தானே தவறியது எது என்று இங்கே சுட்ட முடியும்? இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதினோம். வாங்குகிறவர் தவறினால், பதிவுத் தபாலில் பதினைந்து நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் 1 லட்சம் கழித்து மீதி திருப்பித் தர வேண்டும். விற்கிறவர்கள் தவறினால், வாங்கியது முழுவதும் திரும்ப வேண்டும், அல்லது அவர் கோர்ட்டு மூலம் கிரயம் கேட்கலாம். அட்வான்ஸ் முழுவதும் பறிபோகும் என்று மிரட்டலாக எழுதுகிறார்கள். அபராதம் என்று எவ்வளவு எழுதினாலும், நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் கோர்ட்டு தரும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கையெழுத்துப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்து விவரம், சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் கையெழுத்துக்கு மேலே இருக்கட்டும். கையெழுத்துக்குக் கீழே எழுதியதைப் பிறகு சேர்த்தது என்பார்கள். எல்லாப் பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும். இரண்டு சாட்சிகள், முகவரியோடு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இந்த அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் முதல் காகிதத்தைப் பதிவே செய்திருக்கவில்லை. இரண்டாவதை, தங்கை ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றே பதிந்தார்கள். வணக்கம்.