உப்பும் ஒரு குறுஞ்செய்தியும்

வணக்கம். உதவி செய்த ஒருவருக்கு நன்றி சொல்லி நாலு வரி அனுப்பும்போது ஒரு பழமொழியையும் சேர்க்க நினைக்கிறோம். சேர்த்த பிறகு படித்துப் பார்த்தால், பள்ளி ஆண்டுவிழா வரவேற்புரை போல இருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்று ஒரே ஒரு பழமொழியை வைத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை.'

இதில் 'நினை' என்பது கட்டளை. யாருக்கு? உப்பைத் தின்றவருக்கு. நன்றி சொல்லும்போதோ நாம் இதை உப்பிட்டவருக்கே அனுப்புகிறோம். யாரையோ பார்த்து 'நினை' என்று சொன்ன வாக்கியம் இப்போது அவர் முன்னால் போய் நிற்கிறது. அவர் எதை நினைப்பார்? உபதேச வாடை இங்கேதான் கிளம்புகிறது. பழமொழி பழசாகிப்போனது என்று அதன்மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஓர் இளைஞருக்கு மறுநாள் காலை வேலைக்கான நேர்முகத்தேர்வு. முன்பு உடன் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இரவு 11 மணிக்குமேல் போனில் உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. இவர் முதலில் எழுதியது இப்படி:

"அன்புள்ள அண்ணா, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது ஆன்றோர் வாக்கு. அதற்கேற்பத் தாங்கள் செய்த உதவியை என்றும் மறவேன்."

தினமும் 'நீங்க' என்று பேசுகிறவரைத் திடீரென்று 'தாங்கள்' ஆக்கியாயிற்று. அந்த 'அதற்கேற்ப' இன்னும் மோசம். ஆன்றோர் சொல்லியிருக்கிறார்களே என்பதற்காக இவர் நினைவில் வைத்துக்கொள்வதாக அர்த்தமாகிறது! என்ன உதவி என்பதும் இதில் இல்லை. இதே செய்தியைக் கடன் கொடுத்தவருக்கும் அனுப்பலாம், வீடு மாற்ற உதவியவருக்கும் அனுப்பலாம்.

இப்போது இதைக் கேளுங்கள்:

"அண்ணா, வேலை கிடைச்சிருச்சு. 'பழைய வேலையை ஏன் விட்டீங்க'ன்னு நேத்து ராத்திரி நீங்க கேட்டதையே அவங்களும் கேட்டாங்க. நீங்க சொன்ன மாதிரி ரெண்டே வரியில முடிச்சுட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும்னு சொல்வாங்க. நான் தின்னது உங்க தூக்கத்தை!"

சேதி முதலில் வருகிறது, பழமொழி கடைசிக்குப் போய்விட்டது. அதுவும் பாதிதான். 'நினை' உதிர்ந்ததும் கட்டளையும் போய்விட்டது. மீதியை அவரே மனசுக்குள் முடித்துக்கொள்வார். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தானாக வந்துவிடும். உப்பு இருந்த இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்ததால், அந்தப் பழமொழி அந்த ஓர் இரவுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. அவர் சிரிப்பார். அதற்கப்புறம் 'என்றும் மறவேன்' என்று ஒரு வரி எழுதக் கை வரும். எழுத வேண்டாம், சிரிப்பு அடங்கிவிடும்.

திருக்குறளிலிருந்து எடுப்பவர்கள் கொஞ்சம் பார்த்து எடுக்க வேண்டும். செய்ந்நன்றியறிதல் 11ஆவது அதிகாரம். அதில் நன்றி மறப்பதைப் பற்றிய குறள்களும் உண்டு. 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்பதை உதவியவருக்கு அனுப்பினால், இவர் ஏன் திடீரென்று கொல்வதைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் தோன்றும். 'காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும்' என்ற 102ஆவது குறள் அப்படியல்ல. அதில் யாருக்கும் கட்டளை இல்லை, உதவி வந்த நேரத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் உதவி உண்மையிலேயே சின்னதாக இருந்தால்தான் பொருந்தும். மாதக்கணக்கில் பாடுபட்டவரிடம் போய் 'சிறிதெனினும்' என்றால் முகம் சுருங்கிவிடும்.

வயதில் மூத்தவர், தன் பேச்சில் பத்து நிமிடத்துக்கு ஒரு பழமொழி உதிர்ப்பவர் என்றால் இந்த வெட்டல் ஒட்டல் எதுவும் வேண்டாம். முழுதாகவே எழுதுங்கள், அது அவருடைய பாஷை. துக்க வீட்டில் தோள்கொடுத்தவருக்கு எழுதும்போது பழமொழியே வேண்டாம். பாதியில் நிறுத்துகிற அந்தச் சாமர்த்தியம் அங்கே எடுபடாது.

இன்னொன்று, குடும்ப வாட்ஸ்அப் குழு. முப்பது பேர் இருக்கும் இடத்தில் ஒரே ஒருவருக்கு நன்றி சொல்லி, கூடவே 'உப்பிட்டவரை' என்று ஆரம்பித்தீர்களானால், உப்பிடாத இருபத்தெட்டுப் பேரும் அதைத் தங்களுக்கு வைத்த குத்தலாகத்தான் படிப்பார்கள். யாராவது ஒரு சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, தனியாகப் போன் செய்து, "யாரைச் சொன்னே?" என்று கேட்பார். குழுவில் வெறும் நன்றி போதும். அந்த உப்பை அவருக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள். வணக்கம்.