ஏரி நீர் இருப்பு டாஷ்போர்டு: படத்தில் குறை எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் நீர் இருப்பைக் காட்டும் டாஷ்போர்டு ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணிக்காகச் செய்திருக்கிறேன். ஐந்து அரைவட்ட மீட்டர்கள், ஒரு வட்ட விளக்கப்படம், ஓராண்டுக் கோட்டுப் படம் எல்லாம் வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் நிலவரம் என்ன என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைத் திரையில் வைத்திருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதில் உள்ள எண்களை எல்லாம் மறைத்துவிடுகிறேன். ஏரியின் பெயர்களும் வடிவங்களும் மட்டும் இருக்கட்டும். இனி மூன்று கேள்விகள். எந்த ஏரியில் அதிக நீர் இருக்கிறது? எந்த ஏரி தன் கொள்ளளவில் மிகவும் காலியாக இருக்கிறது? மொத்த இருப்பு கூடுகிறதா, குறைகிறதா? எண்கள் இல்லாமல் படமே இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். எண்ணைப் படித்தால்தான் விடை தெரியும் என்றால் அந்தப் படம் வேலை செய்யவில்லை. அந்த இடத்தில் ஓர் அட்டவணை போதும்.

முதல் கேள்விக்கு உங்கள் வட்ட விளக்கப்படத்தைப் பார்ப்போம். செம்பரம்பாக்கமும் புழலும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. மறைத்த எண்களைத் திறந்தால், செம்பரம்பாக்கத்தில் 2,700 மில்லியன் கன அடி, புழலில் 2,650. கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ 128 பாகை, 126 பாகை. இந்த வித்தியாசத்தை யாராலும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே அளவுகோலில் அமைந்த புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில்தான் நம் கண் மிகத் துல்லியம். கோணத்திலும் பரப்பிலும் அந்தத் துல்லியம் குறைந்துவிடுகிறது.

ஆனால் என் பெரிய வருத்தம் கோணத்தைப் பற்றியது அல்ல. உங்கள் படத்தில் மொத்த இருப்பு 7,600 மில்லியன் கன அடி. ஐந்து ஏரிகளிலும் நீர் சரிபாதியாகக் குறைந்து 3,800 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் எப்படி மாறும்? ஒரு இழைகூட மாறாது! ஊரின் பாதித் தண்ணீர் போன பிறகும் அதே படம் அப்படியே இருக்கும். மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே அது காட்டுகிறது. குடிநீர் நிலவரம் பார்க்க வருபவர் அதைக் கேட்கவே இல்லை. அதனால் வட்டத்தை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு அரைவட்ட மீட்டர்கள் பதில் சொல்கின்றன, சோழவரம் காலி என்று தெரிகிறது. ஆனால் அவை வேறொரு தவறான எண்ணத்தை உண்டாக்குகின்றன. ஐந்து மீட்டர்களும் ஒரே அளவு. அதில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் முள் 90 சதவீதத்தில் நிற்கிறது, பூண்டியின் முள் பாதியில் நிற்கிறது. பார்ப்பவர் மனத்தில் என்ன பதியும்? கண்ணன்கோட்டையில் நீர் நிறைய, பூண்டியில் குறைவு என்றுதான். உண்மையில் கண்ணன்கோட்டையில் இருப்பது 450, பூண்டியில் இருப்பது 1,600. மூன்றரை மடங்கு. கொள்ளளவு 500 உள்ள ஏரிக்கும் 3,231 உள்ள ஏரிக்கும் ஒரே அளவு மீட்டர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆறு படங்கள் செய்ய முடியாததை ஒரே படுக்கைப் பட்டைப் படம் செய்துவிடும். ஏரிக்கு ஒரு பட்டை. பட்டையின் வெளிக்கோடு முழுக் கொள்ளளவு, உள்ளே நிரப்பிய பகுதி இன்றைய இருப்பு. ஐந்துக்கும் ஒரே அளவுகோல், சுழியத்தில் தொடங்க வேண்டும். செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை 500 என்று கொள்ளளவின்படி மேலிருந்து கீழே அடுக்குங்கள். இருப்பின்படி அடுக்கினால் தினமும் வரிசை மாறும், நேற்று பார்த்த இடத்தில் இன்று அந்த ஏரி இருக்காது. இப்போது நிரப்பிய பகுதியின் நீளம் எவ்வளவு நீர் என்று சொல்கிறது. வெளிக்கோட்டுக்குள் மிஞ்சிய வெற்றிடம் எவ்வளவு காலி என்று சொல்கிறது.

இந்தப் படத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். செம்பரம்பாக்கத்தின் வெளிக்கோட்டுக்குத் திரையில் 600 பிக்சல் கொடுத்தால், கண்ணன்கோட்டையின் வெளிக்கோடு 82 பிக்சல்தான் வரும். அதில் நீர் 74 பிக்சல், காலி 8 பிக்சல். அந்த 8 பிக்சலைப் பார்த்து 90 சதவீதம் என்று ஒருவர் சொல்லிவிட முடியாது. ஆகவே ஒவ்வொரு பட்டையின் முடிவிலும் இருப்பையும் சதவீதத்தையும் எழுத்தில் கொடுங்கள். இங்கே எண் படத்துக்குத் துணை, மாற்று அல்ல.

இதிலிருந்தே பெயர்ப் பொறிப்புகளுக்கு வருகிறேன். ஏன் படுக்கைப் பட்டை என்றேன்? ‘கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை’ என்ற பெயரை நிற்கும் பட்டைக்குக் கீழே எழுதிப் பாருங்கள். மென்பொருள் அதைச் சாய்த்துவிடும், அல்லது பாதியில் வெட்டிப் புள்ளி வைத்துவிடும். உங்கள் படத்தில் அதுதான் நடந்திருக்கிறது, ‘கண்ணன்கோ...’ என்று நிற்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு இடப்பக்கம் தாராளமாக இடம் விட்டு, கிடைமட்டமாக எழுதுங்கள். இன்னொன்று, மீட்டரில் ‘புழல்’ என்றும் கோட்டுப் படத்தில் ‘ரெட்ஹில்ஸ்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

அலகு எங்கேயும் இல்லை, அது பெரிய குறை. ‘செம்பரம்பாக்கம் 22’ என்று ஓர் இடத்தில் இருக்கிறது. அது அடி என்று ஊகித்தேன், அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி. 24இல் 22 என்றால் 92 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பார்ப்பவர் கணக்குப் போடுவார். அது தவறு. ஏரி மேலே விரிந்தும் அடியில் ஒடுங்கியும் இருப்பதால் மேல் இரண்டு அடியில் அடங்கும் நீர், அடிமட்டத்து இரண்டு அடியில் அடங்குவதைவிட மிக அதிகம். அதனால் உயரத்தின் சதவீதமும் கொள்ளளவின் சதவீதமும் ஒன்றாக இருக்காது. ஆழத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ‘22 அடி’ என்று தனியாக எழுதுங்கள், சதவீதத்தைக் கொள்ளளவிலிருந்து மட்டும் எடுங்கள். தலைப்பில் ‘நீர் இருப்பு விவரம்’ என்று எழுதுவதைவிட ‘ஐந்து ஏரிகளில் 7,600 மில்லியன் கன அடி, கொள்ளளவில் 65%’ என்று எழுதி, அதன் கீழே எந்தத் தேதி, எந்த நேரத்து அளவு என்று போடுங்கள். 64.64 என்று இரண்டு தசம இடம் வேண்டாம், ஏரி அளவீட்டில் அந்தத் துல்லியம் கிடையாது.

அடுத்தது நிறம். முப்பது சதவீதத்துக்குக் கீழே சிவப்பு, எழுபது வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை என்று விதி வைத்திருக்கிறீர்கள். பலரும் செய்வதுதான், ஆனால் இந்தத் தரவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மே மாதத்தில் செம்பரம்பாக்கம் 95 சதவீதம் இருந்தால் நிம்மதி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் இறுதியில் அதே 95 சதவீதம் உபரி நீர் திறப்பைப் பற்றிய எச்சரிக்கை. 2015 டிசம்பரில் அந்த ஏரியின் உபரி நீரும் சேர்ந்து அடையாற்றில் என்ன ஆயிற்று என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அன்று உங்கள் டாஷ்போர்டு பச்சை காட்டியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். சோழவரம் 200 மில்லியன் கன அடி, 19 சதவீதம் என்று சிவப்பில் மின்னுகிறது. பூண்டியிலிருந்து வரும் நீர் சோழவரம் வழியாகவும் புழலுக்குப் போகிறது. புழலுக்கு மாற்றிவிட்டதாலேயே அது குறைந்திருக்கலாம். குறைவு என்பது தரவு, ஆபத்து என்பது தீர்ப்பு. தீர்ப்பைச் சொல்ல மாதமும் வேண்டும், நீர்வரத்தும் வேண்டும், சதவீதம் மட்டும் போதாது.

ஆகவே நீருக்கு ஒரே நீலம் போதும், `#0072B2` நன்றாக இருக்கும். வெளிக்கோட்டுக்குச் சாம்பல் `#767676`. ஏரிக்கு ஒரு நிறம் என்று ஐந்து நிறம் வேண்டாம், பெயர் பட்டைக்கு அருகிலேயே இருக்கும்போது நிறம் இன்னொரு முறை அதைச் சொல்லத் தேவையில்லை. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஏரி ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் ஆரஞ்சு `#D55E00` கொடுத்து, பக்கத்தில் ‘உபரி நீர் திறப்பு’ என்றோ ‘நீர்வரத்து இல்லை’ என்றோ காரணத்தை எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கும் அப்போது செய்தி போய்ச் சேரும். அடர்நீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்திருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் மாற்றுங்கள். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. சோதிக்க எளிய வழி, டாஷ்போர்டின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது மறைகிறதோ அது நிறத்தை மட்டுமே நம்பி நின்றது.

கடைசியாகக் கோட்டுப் படம். மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில் சொல்ல வேண்டும். மென்பொருள் தானாகவே அச்சை 6,800இலிருந்து 7,700 வரை அமைத்திருக்கிறது, அதனால் சாதாரணக் கோடைக் குறைவு பள்ளத்தில் விழுவதுபோல் தெரிகிறது. எல்லாக் கோட்டுப் படமும் சுழியத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி இல்லை, வெப்பநிலைக்கு அது பொருளற்றது. ஆனால் ஏரிக்குச் சுழியம் என்றால் வறட்சி. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத் தொட்டன. ஆகவே இங்கே அச்சு சுழியத்தில் தொடங்கி மொத்தக் கொள்ளளவான 11,757 வரை போகட்டும்.

ஐந்து ஏரிக்கு ஐந்து கோடு வேண்டாம், மொத்தத்துக்கு ஒரு கோடு போதும். முந்தைய ஆண்டுகளை மெல்லிய சாம்பல் கோடுகளாகப் பின்னால் வைத்து, கோட்டின் முனையிலேயே ஆண்டை எழுதிவிடுங்கள், தனி நிறக்குறிப்புப் பெட்டி தேவைப்படாது. போன ஆண்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால், போன ஆண்டே மழை மிகுந்த ஆண்டாக இருந்தால் இந்த ஆண்டு மோசம் என்று படம் சொல்லும். நான்கைந்து ஆண்டுகள் வையுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய கோடுகள் நான்கு ஏரிகளின் மொத்தம், கொள்ளளவு 11,257. அந்தக் கோடுகளின் முனையில் ‘4 ஏரிகள்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

மழை அளவை அதே படத்தின் வலப்பக்க அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள். இரண்டு அச்சுகளின் அளவையும் நாம் விருப்பம்போல் மாற்றலாம் என்பதால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு எந்தப் பொருளும் இல்லை, ஆனால் பார்ப்பவர் பொருள் தேடுவார். மழையைக் கீழே தனிப் பட்டைப் படமாக, அதே தேதி அச்சில் நேர்கீழாக வையுங்கள்.