வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுக்கும் கடைக்கு நோட்டீஸ் எழுதுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

வாங்கி ஆறேழு மாதம்கூட ஆகாத ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. கடைக்குப் போனால், "நாங்க வித்ததோட சரி, கம்பெனியில பேசிக்கோங்க" என்கிறார்கள். கம்பெனியோ மெக்கானிக்கை அனுப்புகிறது; அவர் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்தக் கட்டத்தில் கடைக்கு அனுப்பும் சட்ட நோட்டீஸ் எப்படி இருந்தால் எடுபடும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்குப் போடுவதற்கு முன் நோட்டீஸ் அனுப்பியே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வக்கீல்தான் அனுப்பவேண்டும் என்பதும் இல்லை. வாங்கியவரே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். ஆனாலும் அனுப்புவதுதான் நல்லது. நாளை வழக்கு என்று போனால், "எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை" என்று கடைக்காரர் கைவிரிக்க முடியாது. அதைவிட முக்கியம், அவர்கள் எழுதும் பதில். எந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

பெரும்பாலான நோட்டீஸ்கள் பலமிழப்பது ஓர் இடத்தில்தான். "வாரண்டி இருக்கிறது, பொருள் கெட்டுவிட்டது, ஆகவே புதிது கொடு" என்று எழுதிவிடுகிறார்கள். வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தால், பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முழுப் பொருளையும் மாற்றித் தருவோம் என்று இருப்பது அரிது. 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாரண்டி பாகத்தை மாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறது என்றால் வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். ஆகவே உங்கள் நோட்டீஸ் காட்டவேண்டியது வேறு: சரிசெய்ய வாய்ப்பு கொடுத்தோம், ஒருமுறைக்கு மேல் கொடுத்தோம், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது, அது தயாரிப்பிலேயே உள்ள குறை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரட்டைக் கதவு, ஐஸ் கட்டாத வகை ஃப்ரிட்ஜ். 2025 மே 10 அன்று வாங்கியது, விலை 27,500 ரூபாய், முழுப் பொருளுக்கும் ஓராண்டு வாரண்டி. ஆகஸ்ட் 18-இல் குளிர்ச்சி இல்லை என்று புகார், கேஸ் நிரப்பினார்கள். அக்டோபர் 6-இல் மறுபடியும் கேஸ். நவம்பர் 24-இல் வந்த மெக்கானிக், "கேஸ் இல்லை, லீக் இருக்கு" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கடையில் கேட்டால் மாற்றித் தர முடியாது என்கிறார்கள்.

இதில் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தக் கேஸ்தான். ஃப்ரிட்ஜில் கேஸ் பெட்ரோல் போலச் செலவாகிற சரக்கு அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் குறையாது. இப்போது வருகிற வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் R600a என்ற கேஸ்தான் இருக்கிறது. அதன் அளவே சில பத்து கிராம்தான் என்பதால், கொஞ்சம் கசிந்தாலும் குளிர்ச்சி போய்விடும். ஐந்து மாதத்தில் இருமுறை கேஸ் நிரப்பினார்கள் என்பதே கசிவுக்குச் சாட்சி. குழாயின் ஒரு பகுதி சுவருக்குள் நுரைக்கு நடுவே புதைந்திருக்கிறது. கசிவு அங்கே இருந்தால், நுரையை உடைக்காமல் அதைத் தொடவே முடியாது. வரும் மெக்கானிக் வெறுமனே கேஸை நிரப்பிவிட்டுப் போவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். நோட்டீஸில் இதை நாலு வரியில் எழுதிவிட்டால், "வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஸ்டெபிலைசர் இல்லை" என்ற வழக்கமான பதில் அடிபட்டுப் போகும். மின்சாரக் கோளாறு கம்ப்ரசரையோ போர்டையோ எரிக்கும். குழாயில் ஓட்டை போடாது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்கவேண்டும். அதில் ஃப்ரீசரின் உள்பக்கத் தகட்டிலேயே குழாய் ஓடும். ஐஸைக் கத்தியால் கிளறினால் ஓட்டை விழும், கம்பெனி ஆள் வந்து அந்தக் கீறலைப் போட்டோ எடுத்துக்கொள்வார். அப்படி நடந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. தெருமுனை மெக்கானிக்கை வைத்துப் பின்பக்கத்தைப் பிரித்திருந்தாலும் அப்படித்தான். நோட்டீஸில் அதை மறைத்து எழுதாதீர்கள். நாளைக்கு அந்தக் காகிதமே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

எழுதுவதற்கு முன் ஆவணங்களைச் சேருங்கள். பில், வாரண்டி அட்டை, ஃப்ரிட்ஜின் மேலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் மாடல், சீரியல் எண்ணின் போட்டோ, ஒவ்வொரு புகாருக்கும் வந்த எஸ்எம்எஸ், ஜாப் ஷீட். மெக்கானிக் வேலை முடிந்ததும் ஒரு ஓடிபி கேட்பார். அதைச் சொன்ன நிமிடமே கம்பெனியின் கணினியில் புகார் "தீர்ந்தது" என்று மூடப்படுகிறது. குளிர்ச்சி திரும்பிவிட்டதா என்று ஒருநாள் பார்த்த பிறகுதான் தருவேன் என்று சொல்லலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அடுத்த புகார் எண் எத்தனை நாளில் பதிவானது என்பதை நோட்டீஸில் காட்டுங்கள், அது போதும்.

பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில் அனுப்புவதே எளிது. வரிக் கழிவுக்காகத் தொழிலின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் போட்டிருந்தால், வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்ற வாதம் வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

யாருக்கு அனுப்புவது? கடைக்கும் தயாரிப்பாளருக்கும், ஒரே நோட்டீஸில், இருவர் பெயரும் போட்டு. கடையின் பெயரும் முகவரியும் பில்லில் உள்ளபடியே இருக்கட்டும். தயாரிப்பாளரின் முகவரி அட்டைப்பெட்டியிலோ வாரண்டி அட்டையிலோ இருக்கும். வெளிநாட்டில் செய்த பொருளென்றால் இறக்குமதி செய்தவரின் முகவரி. கடைக்காரர், "நான் வெறும் விற்பனையாளர்" என்று சொல்லி நழுவ இடம் கொடுக்காதீர்கள். பணம் வாங்கி பில் கொடுத்தவர் அவர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, விற்கும் பொருள் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்கவேண்டும் என்ற பொறுப்பை விற்பவர் மீதே வைக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தும் தயங்கவேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பில்லில் கெடு இருந்தால் அது, இல்லையென்றால் 30 நாள் என்று அங்கே இருக்கிறது. நம் உதாரணத்தில் அந்த 30 நாள் கடந்துவிட்டதால், இதை மட்டும் நம்பாமல் பொருளில் உள்ள குறையையே முதன்மையாக வையுங்கள்.

நோட்டீஸின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: "மேற்படி ஃப்ரிட்ஜில் 18.08.2025, 06.10.2025 ஆகிய தேதிகளில் உங்கள் அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் கேஸ் நிரப்பினார். 24.11.2025 அன்று கசிவு இருப்பதாக அவரே எழுத்தில் கொடுத்துள்ளார். மூடிய அமைப்பில் கேஸ் குறைவதற்குக் கசிவைத் தவிர வேறு காரணம் இல்லை. இது தயாரிப்புக் குறை. எனவே இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அதே மாடலில் குறையற்ற புதிய ஃப்ரிட்ஜ் தரவேண்டும். அது இயலாவிட்டால் விலையான ரூ.27,500-ஐத் திருப்பித் தரவேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்." கோபத்தைக் காட்டும் வரிகள் வேண்டாம். ஏமாற்றுக்காரர், திருடர் என்று எழுதினால் பதில் நோட்டீஸ் அதைப் பற்றித்தான் இருக்கும், ஃப்ரிட்ஜைப் பற்றி இருக்காது.

இழப்பீடு கேட்கலாம், ஆனால் கணக்கோடு. கெட்டுப்போன பொருட்கள், குளிரில் வைக்கவேண்டிய மருந்துக்கு வேறு ஏற்பாடு செய்த செலவு என ரசீது இருப்பதைக் கேளுங்கள். வாய்க்கு வந்த லட்சங்கள் நோட்டீஸின் நம்பகத்தைத்தான் கெடுக்கும். சிலர் பொருள் பொறுப்பு பற்றிய 82-இலிருந்து 87 வரையான பிரிவுகளையும் சேர்த்துவிடுகிறார்கள். அவை குறையுள்ள பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் பயன்படுபவை. பொருள் கெட்டுப்போனது மட்டும் அதில் வராது. நமக்கு வேண்டியது 39-ஆவது பிரிவு. மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம் என்பது அங்கேதான் இருக்கிறது.

பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் சேர்ப்பித்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, கிடைத்துவிட்டது என்று இணையத்தில் காட்டும் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் உறையை அப்படியே பிரிக்காமல் வைத்திருங்கள். கூடவே இருவரின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் சில நேரம் கம்பெனியை நகர்த்தும்.

15 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் காத்திருக்கவேண்டாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்புவதால் அந்தக் காலம் நீளாது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எதிர்த்தரப்பு தயாரிப்புக் குறை இல்லை என்று வாதிட்டால், ஆணையம் பொருளை ஆய்வுக்கு அனுப்பக்கூடும். அதனால் அந்தப் பழைய ஃப்ரிட்ஜை விற்றுவிடாதீர்கள், வேறு யாரையும் வைத்துத் திறக்கவும் வேண்டாம்.

பல நேரங்களில் நோட்டீஸ் போன சில நாட்களிலேயே கடையிலிருந்து போன் வரும்: "வண்டி அனுப்புறோம், பழசைக் கொடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கோங்க." நல்லதுதான். ஆனால் வண்டியில் ஏற்றும் முன், பழைய ஃப்ரிட்ஜின் சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு அதைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். புதியதன் சீரியல் எண்ணும், அதற்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதும் அதே காகிதத்தில் இருக்கவேண்டும். பழைய பில்லின் தேதியிலிருந்தே கணக்கு என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி நீட்டினால், புதிய ஃப்ரிட்ஜ் ஒருநாள் ஓடி, ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் ஐஸாகும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வணக்கம்.