வடிவம் மாறாமல் ஒரு முடிச்சு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வளைவரையை வரைந்து முடித்துவிட்டீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, உச்சிப் பகுதி மட்டும் இன்னும் கொஞ்சம் உயர வேண்டும். அதற்கு அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பிடித்து இழுத்தால் உச்சி உயர்கிறது, ஆனால் கூடவே இரண்டு பக்கத் தோள்களும் எழும்பிவிடுகின்றன. இதைத் தவிர்க்கும் வழிதான் இன்றைய பேச்சு. வளைவரையின் வடிவம் இம்மியும் மாறாமல் அதற்குள் புதிய முடிச்சைச் செருகுவது எப்படி, செருகிய பின் என்ன கிடைக்கிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 3 கொண்ட பி-ஸ்ப்லைன் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஆறு கட்டுப்பாட்டுப் புள்ளிகள்.

```
P0=(0,0)  P1=(0,4)  P2=(4,8)  P3=(8,8)  P4=(12,4)  P5=(12,0)
u = 0 0 0 0 1 2 3 3 3 3
```

கீழே இருப்பது முடிச்சு வரிசை. t என்ற அளவு 0-இலிருந்து 3 வரை ஓடும்போது நாம் வளைவரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறோம். 1, 2 என்ற முடிச்சுகளில் ஒரு பல்லுறுப்புக்கோவைத் துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஆக இங்கே மூன்று துண்டுகள் இருக்கின்றன. முனைகளில் முடிச்சு நான்கு முறை வருவதால் வளைவரை P0-இல் தொடங்கி P5-இல் முடிகிறது. எண்ணிக்கையில் ஒரு கணக்கு எப்போதும் ஒத்துப்போக வேண்டும்: முடிச்சுகள் = புள்ளிகள் + படி + 1. இங்கே 10 = 6 + 3 + 1.

இந்தக் கணக்கிலேயே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. முடிச்சு ஒன்று கூடினால் புள்ளியும் ஒன்று கூடியே ஆக வேண்டும். அந்தப் புள்ளியை P2-வுக்கும் P3-க்கும் நடுவே சும்மா வைத்துவிட்டால் போதும் என்று பலருக்குத் தோன்றும். போதாது, அப்படிச் செய்தால் வளைவரை மாறிவிடும். பக்கத்துப் புள்ளிகளும் கொஞ்சம் இடம் பெயர்ந்து புதியவனுக்கு வழிவிட வேண்டும். எவ்வளவு பெயர வேண்டும் என்பதற்கான எளிய விதியை 1980-இல் வொல்ஃப்காங் போம் வெளியிட்டார்.

t = 1.5 என்ற இடத்தில் முடிச்சைச் செருகுவோம். முதலில் அது எந்த இடைவெளியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வரிசையை 0-இலிருந்து எண்ணினால் u[4] = 1, u[5] = 2. ஆகவே k = 4. புதிதாகக் கணக்கிட வேண்டிய புள்ளிகள் k−2 முதல் k வரை, அதாவது 2, 3, 4. ஒவ்வொன்றுக்கும் இதுதான் விதி.

```
a[i] = (t - u[i]) / (u[i+3] - u[i])
Q[i] = (1 - a[i])*P[i-1] + a[i]*P[i]
```

எண்களைப் போட்டுப் பாருங்கள். a[2] என்பது 1.5-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் 0.75. a[3] என்பது 1.5-ஐ 3-ஆல் வகுத்த 0.5. a[4] என்பது 0.5-ஐ 2-ஆல் வகுத்த 0.25. ஆகவே Q2 = (3,7), Q3 = (6,8), Q4 = (9,7). P0-வும் P1-உம் அப்படியே இருக்கின்றன. P4, P5 ஆகியவை ஒவ்வோர் இடம் தள்ளி Q5, Q6 ஆகின்றன. பழைய P2-வும் P3-உம் போய்விட்டன, அவற்றின் இடத்தில் மூன்று புள்ளிகள் வந்திருக்கின்றன.

இதைத் தாளில் வரைந்தால் கண்ணுக்கே புரியும். புள்ளிகளை இணைக்கும் கோட்டில் P2 ஒரு மூலை, P3 ஒரு மூலை. இரண்டு மூலைகளையும் உளியால் செதுக்கிவிட்டாற்போல இருக்கும். புதிய புள்ளிகள் மூன்றும் பழைய கோட்டின் மேலேயே கிடக்கின்றன. அதனால் புதிய கோடு வளைவரையை முன்னைவிட நெருக்கமாக அணைத்துக்கொண்டு போகிறது.

வடிவம் மாறவில்லை என்பதற்கு என்ன உறுதி? ஒரு சோதனை போடலாம். t = 0.5-இல் பழைய ஆறு புள்ளிகளையும் பழைய முடிச்சுகளையும் கொண்டு கணக்கிட்டால் வருவது (1.2083, 4.625). புதிய ஏழு புள்ளிகளையும் புதிய முடிச்சுகளையும் கொண்டு கணக்கிட்டாலும் அதே (1.2083, 4.625). காரணம் எளிது. ஒவ்வொரு t-யிலும் ஒரு புள்ளிக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது அதன் அடிப்படைச் சார்பு. பழைய ஒவ்வொரு அடிப்படைச் சார்பையும் புதிய, குறுகலான இரண்டு சார்புகளின் கூட்டாக எழுத முடியும். அரை என்பதை நான்கில் இரண்டு என்று எழுதுவது போலத்தான், மதிப்பு அதே, எழுதும் அலகு மட்டும் நுணுக்கமாகிவிட்டது. புதிய அலகில் எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதால் Q புள்ளிகளைத் தேர்வதில் நமக்குச் சுதந்திரம் எதுவும் இல்லை.

இப்போது உச்சிப் பிரச்சினைக்கு வருவோம். ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியின் பிடி அடுத்தடுத்த ஐந்து முடிச்சுகளின் நீளத்துக்கு மட்டுமே செல்லும். P2-வின் பிடி u[2] முதல் u[6] வரை, அதாவது 0 முதல் 3 வரை. முழு வளைவரையும் அதன் கையில் இருக்கிறது! P3-உம் அப்படியே. t = 1.5-இல் வளைவரை (6, 7.75)-இல் இருக்கிறது. P2, P3 இரண்டையும் சமமாகத் தூக்கி இந்த உச்சியை 0.2 உயர்த்தினால், t = 0.5-இல் இருக்கும் தோள் 0.06 உயர்ந்துவிடும். உச்சிக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நாம் கேட்காத இடத்துக்குப் போகிறது.

ஒரு முடிச்சு செருகியதால் இது தீர்ந்ததா? தீரவில்லை. Q3-இன் பிடி இன்னும் 0 முதல் 3 வரைதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு “பயனில்லை” என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ஐந்து முடிச்சுகளும் 1-க்கும் 2-க்கும் இடையில் அடங்க வேண்டுமென்றால் 1.25, 1.5, 1.75 என மூன்றையும் செருக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதே விதிதான். இப்போது முடிச்சுகள் 13, புள்ளிகள் 9. நடுவில் இருக்கும் புள்ளி (6, 7.8125). அதன் பிடி 1, 1.25, 1.5, 1.75, 2 என்ற ஐந்து முடிச்சுகளுக்குள் முடிந்துபோகிறது. அதை 0.3 தூக்கினால் உச்சி சரியாக 0.2 உயரும், ஏனென்றால் சம இடைவெளியில் நடுப்புள்ளியின் பங்கு மூன்றில் இரண்டு. t 1-க்குக் கீழேயும் 2-க்கு மேலேயும் ஒரு துளிகூட அசையாது. இணையும் இடங்களில் சாய்வும் வளைவும் ஒட்டியே இருக்கும்.

மூன்று முடிச்சுகளையும் தனித்தனி இடங்களில் செருகியதைக் கவனியுங்கள். ஒரே இடத்தில், 1.5-இலேயே மூன்று முறை செருகினால் நடப்பது வேறு. இரண்டாவது முறையில் (5.25, 7.75), (6.75, 7.75) என்ற புள்ளிகள் வருகின்றன. மூன்றாவது முறையில் அவற்றின் நடுப்புள்ளி (6, 7.75) வருகிறது. அது வளைவரையின் மேலேயே இருக்கிறது. அந்த இடத்தில் வளைவரையை இரண்டாக வெட்டித் தனித்தனி வளைவரைகளாக வைத்துக்கொள்ளலாம், இடப்பக்கத்துக்கு ஐந்து புள்ளிகள், வலப்பக்கத்துக்கு ஐந்து. எல்லா உள் முடிச்சுகளையும் இப்படி மூன்று முறைக்கு நிரப்பினால் முழு வளைவரையும் பெசியே துண்டுகளாகப் பிரிந்துவிடும். பெசியே துண்டுகளை மட்டுமே புரிந்துகொள்ளும் மென்பொருளுக்குக் கொண்டுபோக இதுவே நேர்வழி.

வெட்டுவதற்கு இது அருமையான வழி, இழுத்துத் திருத்துவதற்கு ஆபத்தான வழி. படி 3-இல் ஒரு முடிச்சு ஒருமுறை வந்தால் இரண்டாம் வகைக்கெழு வரை தொடர்ச்சி உறுதி. இருமுறை வந்தால் முதல் வகைக்கெழு வரை. மும்முறை வந்தால் வளைவரை அறுபடாது என்பது மட்டுமே உறுதி. செருகிய உடனே எதுவும் தெரியாது, வளைவரை முன்போலவே வழவழப்பாக இருக்கும். ஆனால் அந்த (6, 7.75)-ஐப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அங்கே கூர்மையான முனை எழும்பிவிடும். முடிச்சு செருகுவதால் வடிவம் மாறுவதில்லை என்பது உண்மை, ஆனால் இனிமேல் எப்படியெல்லாம் மாறலாம் என்ற அனுமதி மாறிவிடுகிறது. இழுத்த பிறகு முடிச்சை நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றும் நம்பாதீர்கள். புள்ளியை நகர்த்திவிட்டால் பொதுவாக அந்த முடிச்சை வடிவம் கெடாமல் எடுக்க முடியாது.

நிரல் எழுதுவோர் அடிக்கடி சறுக்கும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய புள்ளிகள் இருக்கும் பட்டியலிலேயே புதியவற்றை எழுதுவது. Q3-ஐக் கணக்கிட P2 வேண்டும். i-ஐ ஏறுவரிசையில் ஓட்டினால் அதற்குள் P2-வின் இடத்தில் Q2 உட்கார்ந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் Q3 (6,8)-க்குப் பதிலாக (5.5, 7.5) ஆகிவிடும், Q4 (7.125, 6.625) ஆகிவிடும். சமச்சீரான வடிவம் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிய பட்டியலில் எழுதுங்கள், அல்லது இறங்குவரிசையில் ஓட்டுங்கள். இதோடு சேர்ந்த தவறு, a[i]-ஐக் கணக்கிடும் முன்பே முடிச்சு வரிசையில் 1.5-ஐச் சேர்த்துவிடுவது. விதியில் இருக்கும் u பழைய வரிசை. புதிய வரிசையில் u[6] என்பது 2 ஆகிவிடும், அப்போது a[3] 0.5-க்குப் பதில் 0.75 என்று வரும்.

இரண்டாவது, எடை கொண்ட வளைவரைகள், அதாவது நர்ப்ஸ். இங்கே புள்ளியையும் எடையையும் தனித்தனியாகச் சராசரி எடுத்தால் வடிவம் கெடும். கால்வட்டம் ஒன்றை எடுங்கள்: படி 2, முடிச்சுகள் 0 0 0 1 1 1, புள்ளிகள் (1,0), (1,1), (0,1), எடைகள் 1, 0.7071, 1. இதில் t = 0.5-இல் ஒரு முடிச்சு செருகுவோம். படி 2 என்பதால் விதியில் u[i+3] இருந்த இடத்தில் u[i+2] வரும், a[1], a[2] இரண்டும் 0.5. எடையை மறந்துவிட்டு சராசரி எடுத்தால் முதல் புதிய புள்ளி (1, 0.5) என வரும், வட்டம் வட்டமாக இருக்காது. சரியான முறையில் முதலில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் எடையால் பெருக்கி (wx, wy, w) என்று எழுத வேண்டும். (1, 0, 1)-க்கும் (0.7071, 0.7071, 0.7071)-க்கும் நடுவே (0.8536, 0.3536, 0.8536) வருகிறது. மூன்றாவது எண்ணால் மற்ற இரண்டையும் வகுத்தால் (1, 0.4142), எடை 0.8536. அந்த 0.4142 என்பது 22.5 பாகையின் டேன்ஜெண்ட். கால்வட்டத்தின் பாதி 45 பாகை, அந்த அரைக்காலின் இரு முனைகளிலும் வரையும் தொடுகோடுகள் சந்திக்கும் புள்ளி மிகச் சரியாக அங்கேதான் இருக்க வேண்டும். உங்கள் நிரல் 0.4142 தருகிறதா, 0.5 தருகிறதா என்று பாருங்கள். எடையைச் சரியாகக் கையாள்கிறதா என்பது அந்த ஒரே எண்ணில் தெரிந்துவிடும்.