போலராய்டைக் குறுக்கே வைத்தும் ஒளி கசிகிறதே! யார் பொய் சொல்வது?

[திரையில்: மீட்டர் மிக அருகில்]

இந்த மீட்டரைப் பாருங்கள். 96 மைக்ரோஆம்பியர். இழை பல்புக்கும், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடையோடுக்கும் நடுவே இரண்டு போலராய்டு தாள்கள், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில். என் கண்ணுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. ஆனால் மீட்டர் 96 என்கிறது. பூஜ்ஜியம் வரவேண்டிய இடம் இது!

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1808இல் பாரிஸில் மாலஸ் என்பவர், அரண்மனை ஜன்னலில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார், அதிலிருந்து அவர் பெயரில் ஒரு விதி வந்தது. முதல் போலராய்டு ஒளியின் அதிர்வை ஒரே திசைக்குக் கொண்டுவரும். இரண்டாவது, θ கோணம் திரும்பி நின்றால், அதிர்வின் வீச்சில் cosθ பங்கை மட்டும் விடும். ஒளியின் செறிவு வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அதனால்:

I = I₀ cos²θ

I₀ என்பது 0 டிகிரியில் வரும் செறிவு. 60 டிகிரியில் அதில் கால் பங்கு, 90இல் ஒன்றுமில்லை. சரி, சோதனைக்கு வருவோம்.

ஒரு எச்சரிக்கை: டையோடில் மின்னோட்டத்தை அளவிடுங்கள், வோல்டேஜை அல்ல. திறந்த சுற்றில் வோல்டேஜ் ஒளிக்கு நேர்விகிதத்தில் ஏறாது, விதி பொய்யென்று தோன்றும். அதில் நான் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

முதலில் பல்பைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். 4 காட்டியது. அறை வெளிச்சமும் டையோடின் சொந்த ஓட்டமும் சேர்ந்தது அது, எல்லா அளவிலும் கழித்துவிட வேண்டும். கழித்தபின் 0 டிகிரியில் 408, 90இல் 92. நடுவில் 60 டிகிரியில் 102 வரவேண்டும், வந்ததோ 171!

"கோணம் சரியாக வைத்திருக்க மாட்டீர்கள்" என்று இப்போதே கமெண்ட் தட்டுகிறீர்கள், தெரியும். கணக்குப் போடலாம். 2 டிகிரி தவறினால் கசிவது sin²2°, ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். எனக்கோ 408இல் 92, அதாவது 22 சதவீதம் மிச்சம். அவ்வளவு கசிய 28 டிகிரி கோணலாக வைத்திருக்க வேண்டும். நான் அவ்வளவு மோசமில்லை.

அளவுகளை cos²θவுக்கு எதிராக வரைந்தேன். [திரையில்: வரைபடம்] அழகான நேர்கோடு! ஆனால் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 92இல் தொடங்குகிறது. 408இல் 92 போக மிச்சம் 316. 60 டிகிரியில் அதன் கால் பங்கு 79, அதோடு 92, மொத்தம் 171. அப்படியே பொருந்துகிறது. ஆக, விதி மீறப்படவில்லை. விதிக்குக் கட்டுப்படாத ஏதோ ஒன்று, எந்தக் கோணத்திலும் மாறாமல், இரண்டு தாள்களையும் தாண்டி வருகிறது.

அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிற்கிறேன். போலராய்டு என்பது இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் தாள். நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்திருக்க, அவற்றின்மேல் அயோடின் ஒட்டியிருக்கும். அந்தச் சங்கிலியின் நீளவாக்கில் அதிரும் ஒளியை அது விழுங்கிவிடும், குறுக்கே அதிர்வது தப்பிக்கும். கம்பி வேலி இடுக்கில் கயிற்றை ஆட்டிக் காட்டுவார்களே, அந்த உவமை இங்கே தலைகீழ். கம்பிக்கு இணையான அதிர்வுதான் இங்கே மாட்டிக்கொள்கிறது!

அயோடினின் பசி கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு சரி. சுமார் 800 நானோமீட்டரைத் தாண்டினால் இந்தத் தாள் வெறும் கண்ணாடி மாதிரி. இழை பல்பு உமிழ்வதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. சிலிக்கான் டையோடு அதிகம் உணர்வதோ 900 நானோமீட்டர் பக்கம். இருவரும் எனக்குத் தெரியாமல் பேசி வைத்துக்கொண்டார்கள்.

நம்பவில்லையா? டிவி ரிமோட்டை எடுங்கள். போலராய்டுகளைக் குறுக்கே வைத்து மொபைலின் முன்கேமரா வழியாகப் பாருங்கள், பின்கேமராவில் பெரும்பாலும் அகச்சிவப்பு வடிகட்டி இருக்கும். பட்டனை அழுத்துங்கள். [திரையில்: இருட்டில் துடிக்கும் ஊதாப் புள்ளி] ஒரு தாளைச் சுற்றுங்கள். அறை மங்கித் தெளிகிறது, அந்தப் புள்ளி மட்டும் அசரவில்லை.

கடைசியாக, பல்புக்குப் பதில் பச்சை எல்இடி வைத்தேன். இருட்டு அளவான 4 போக, 0 டிகிரியில் 246. 60இல் 62, கால் பங்குக்கு அரை எண் கூட. 90இல் வெறும் 1. போலராய்டு தன் வேலையில் நிஜமாகவே கோட்டைவிடுவது அந்த 1 தான், அதிலும் நான் கோணத்தில் செய்த பிழை கொஞ்சம் இருக்கலாம். உங்கள் ரிமோட் புள்ளி தாளைச் சுற்றும்போது மங்கியதென்றால், எந்தக் கேமரா, எந்தத் தாள் என்று கமெண்டில் எழுதுங்கள்.