கல்லில் இருப்பதைக் கல்லாகவே படியுங்கள்
(சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மாதர் பிரிவினரே, பின்வரிசையில் சுண்டலோடு அமர்ந்திருக்கும் தம்பிமாரே, வணக்கம். பழைய கல்லறைக் கற்களில் இருக்கும் தேதி, பட்டம், பாட்டு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். 'பதறாத காரியம் சிதறாது' என்பாள் என் பாட்டி.

என் மருமகன் எஸ்டேட் இடுகாட்டில் ஒரு கங்காணியின் கல்லைப் படம் பிடித்தான். மலாயில் பெயர்த்துப் பக்கத்தில் பலகை வைக்க ஆசை. உச்சியில் இருந்த பிள்ளையார் சுழியை இரண்டாம் எண் என்று எழுதினான். 'சிவபதவி அடைந்தார்' என்றிருந்ததை, உத்தியோக உயர்வு பெற்றார் என்று பெயர்த்தான். சிரிக்காதீர்கள், கங்காணி மண்டோராகிவிட்டார் என்று அவன் மகிழ்ந்தே போனான்!

அடுத்தது தேதி. 'ஸ்ரீமுக ௵ தை ௴ ௰௨ ௳ வியாழக்கிழமை.' ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௰௨ பன்னிரண்டு. ஸ்ரீமுக என்றால் 1933, தை என்றால் ஜனவரி என்று எண்ணி, 12.1.1933 என்று எழுதிவிட்டான். நாட்காட்டியில் பார்த்தால் அன்றும் வியாழக்கிழமைதான்! அதனால் நானும் ஏமாந்தேன். ஆனால் ஸ்ரீமுக வருஷம் 1933 ஏப்ரலில்தான் பிறந்தது. அந்த ஜனவரியில் நடந்தது ஆங்கிரச வருஷம். ஸ்ரீமுகத்தின் தை 1934 ஜனவரி 14இல் பிறந்தது. பன்னிரண்டாம் நாள் ஜனவரி 25. அதுவும் வியாழன். இரண்டு தேதிக்கும் இடையே 378 நாள், சரியாக 54 வாரம். ஆகவே கிழமை பொருந்தினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதறாத காரியம் சிதறாது.

பட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாட்டுக்கு வருகிறேன்:

பால்மரம் வெட்டிப் பசிதீர்த்த எம்தந்தை
கால்நீட்டிக் கண்வளரும் காடு

பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லவேண்டாம். மருமகனும் மரத்தைச் சாய்க்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் 'கண்வளரும்' என்பதைக் கண் பெரிதாகிறது என்றான். அது தூங்குவதைச் சொல்லும் மரியாதைச் சொல். தாலாட்டில் குழந்தையைக் கண்வளரச் சொல்வோமே, அதுதான். 'காடு' என்பதற்கு ஹுத்தான் என்று போட்டான். இங்கே காடு இடுகாடு. இரண்டையும் திருத்தியதும் மகன் குரல் கேட்டது: அப்பா தூங்குகிறார். எதுகையும் மோனையும் மலாயில் வராது. போகட்டும், பொருள் வந்தால் போதும்.

படம் எடுக்கும்போது காலை ஏழரை மணிக்குப் போங்கள். சாய்வெயிலில் பள்ளங்கள் நிழல் காட்டும். உச்சிவெயிலில் ௨-வும் ௧-வும் ஒன்றாகத் தெரியும். கம்பியால் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பும் அடிக்காதீர்கள்.

சுண்ணாம்பு என்றதும் நினைவு வருகிறது. அந்த இடுகாட்டுக்கு வேலி இல்லை. மாடு ஏறி மூன்று கற்கள் சாய்ந்துவிட்டன. வேலி கேட்கும் மனு வாசலில், செருப்புக்கட்டைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். தலைமை ஆசிரியை அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். தமிழ் எண்ணில் தேதி போடுங்கள்.